உயிரெழுத்து அட்டை: எந்த எழுத்துக்கு எந்தப் படம்?

இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு அட்டை செய்யும்போது ஒரே ஒரு சோதனை போதும். படத்தை மட்டும் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். குழந்தை வாயிலிருந்து வரும் முதல் ஒலியும் எழுத்தின் ஒலியும் ஒன்றாக இருந்தால் அந்தப் படம் சரி.

படி 1: சிக்கல் இல்லாதவற்றை முதலில் முடியுங்கள். அணில், ஆமை, ஈ, ஊஞ்சல், எலி, ஏணி, ஒட்டகம். அணிலுக்கு முதுகில் மூன்று கோடுகளும் புசுபுசு வாலும் தெளிவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் எலிப் படத்தோடு குழம்பும். ஈயைக் கட்டம் நிறைய, கண்ணும் இறக்கையும் தெரிய வரையுங்கள். சின்னதாக இருந்தால் "பூச்சி" என்றுதான் பதில் வரும். ஆ-வுக்கு யானை வேண்டாம். வீட்டில் "ஆனை" என்று சொன்னாலும் எழுதும்போது அது 'யா'.

படி 2: இ, உ இரண்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள். பல அட்டைகளில் இலையும் உரலும் இருக்கும். ஆனால் பேசும்போது நாம் இலையை "எலை" என்கிறோம், உரலை "ஒரல்" என்கிறோம். உதடு "ஒதடு" ஆகிறது, இடம் "எடம்" ஆகிறது. சொல்லின் தொடக்கத்தில் இ, உ வந்து, அடுத்து ல, ர, ட போன்ற ஒற்றை மெய்யோடு அ அல்லது ஐ ஒலி சேர்ந்தால் பேச்சில் இப்படி மாறிவிடும். இலைப் படத்தைப் பார்த்து "எலை" என்று சொல்லும் குழந்தை, எ-வைத்தானே தேடும்? அடுத்து புள்ளி வைத்த எழுத்து வரும் சொற்களில் இந்த மாற்றம் இல்லை. அதனால் இ-க்கு இட்லி, உ-க்கு உண்டியல். உண்டியலின் துளையில் பாதி நுழைந்த காசையும் வரைந்துவிட்டால் சந்தேகமே வராது.

படி 3: ஐ. ஐந்து விரல்களைக் காட்டினால் குழந்தை "அஞ்சு" என்று சொல்லி அ-வுக்குப் போய்விடும். ஐஸ்கிரீம் கடன்சொல்தான், ஆனாலும் என் தேர்வு அதுவே. ஒலி மாறாமல் வருகிறது, தெரியாத குழந்தையும் குறைவு.

படி 4: ஓ. ஓடத்தைப் "படகு" என்பார்கள். ஓணான் நல்லது, ஆனால் சுவரில் வரைந்தால் பல்லியாகிவிடும். செடிக்கிளையில், தலை தூக்கியபடி வரையுங்கள்.

படி 5: ஔ. இங்கே ஔவையாரை விட்டால் வழியில்லை. கோலூன்றிய உருவத்தைக் குழந்தை "பாட்டி" என்றுதான் சொல்லும். "ஔவைப் பாட்டி" என்று நீங்களே சொல்லிப் பழக்குங்கள். கணினியில் அச்சிடும்போது ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டாமல் ஔ என்ற ஒரே எழுத்தைத் தட்டுங்கள். தனித்தனியாகத் தட்டினால் நடுவே இடைவெளி விழுந்து, 'ள' முழு அளவில் நிற்கும்.

ஃ இந்த அட்டையில் வேண்டாம். அது உயிரெழுத்து இல்லை, அதில் தொடங்கும் தமிழ்ச்சொல்லும் இல்லை.