மயங்கி விழுந்தவரிடம் விட்டுப்போகும் கேள்வி

ஒருவர் மயங்கி விழுந்து, ஓரிரு நிமிடத்தில் தானாகத் தெளிந்து எழுந்தால், பல இடங்களில் முதலில் எழுதப்படுவது தலைக்கு சிடி ஸ்கேன். தலையில் அடிபடாமல், கை கால் பலவீனமும் இல்லாதபோது அதில் காரணம் அகப்படுவது அபூர்வம். விழுந்த நேரத்தில் நின்றாரா, உட்கார்ந்திருந்தாரா, என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வியோ விட்டுப்போகிறது.

ஓர் உதாரணம். 68 வயதுக்காரர். பிரஷருக்கு அம்லோடிபின், சிறுநீர் தடையில்லாமல் போக டாம்சுலோசின் சாப்பிடுகிறார். மயங்கி விழுந்ததாக அழைத்து வருகிறார்கள். படுக்கவைத்து 5 நிமிடம் கழித்து மேல் பிரஷர் 142. எழுந்து நின்ற 2-வது நிமிடத்தில் 118. இருபதோ அதற்கு மேலோ இறங்கினாலே நிலைமாற்றத்தால் வரும் பிரஷர் சரிவு என்பது கணக்கு. சரி, டாம்சுலோசின்தான் காரணம் என்று மாத்திரையை நிறுத்தி அனுப்பிவிடத் தோன்றும்.

பெரிய தவறு இதுதான். வயதானவர்களில் பலருக்கு இப்படி பிரஷர் இறங்கும்; அதனாலேயே அன்றைய மயக்கத்துக்கும் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. நிற்க வைத்தபோது, அன்று வந்த அதே கிறுகிறுப்பு வந்ததா? இவருக்கு வரவில்லை. மனைவியிடம் கேட்டால், சாப்பிட்டுவிட்டு ரொம்ப நேரமாக நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர், பேச்சின் நடுவே வெளுத்துச் சாய்ந்தார் என்கிறார். எழுந்து நிற்கவே இல்லை. வியர்வை, குமட்டல், கண் இருட்டல் என எந்த முன்னறிவிப்பும் கிடையாது. கூட்டத்தில் வெகுநேரம் நின்றபோதோ, ஊசியைப் பார்த்தோ வரும் சாதாரண அனிச்சை மயக்கத்தில் இவை பெரும்பாலும் முன்னால் வரும். ஆக, சந்தேகம் இதயத்தின் பக்கம் திரும்புகிறது.

"கை இரண்டு மூன்று தடவை வெட்டியது" என்றும் அவர் மனைவி சொல்கிறார். உடனே வலிப்பு என்று எழுதிவிடக் கூடாது. மூளைக்கு ரத்தம் குறைந்தாலே விழுந்த பிறகு சில வெட்டுகள் வரும். வலிப்பில் அது நீண்டு, எண்ண முடியாத அளவுக்கு அடிக்கும். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டிருக்கலாம். தெளிந்த பிறகும் குழப்பம் வெகுநேரம் நீடிக்கும். இவரோ கண் விழித்ததும் "என்னாச்சு?" என்று தெளிவாகவே கேட்டிருக்கிறார்.

அப்புறம் ஈசிஜி. மாரடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டு மடித்து வைப்பது இன்னொரு தவறு. இவருடையதில், இதயத்தின் மின்பாதையில் வலது கிளை அடைப்பும், இடது முன்கிளை அடைப்பும் சேர்ந்திருந்தன. மின்னோட்டம் கீழே இறங்க மிச்சமிருப்பது ஒரே கிளை. அதுவும் அவ்வப்போது நின்றுபோனால் துடிப்பு விட்டுப்போகும். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டதில் பெருந்தமனி வால்வு சுருங்கிய முணுமுணுப்பு இல்லை. அது இருந்தாலோ, உழைப்பின் நடுவே விழுந்திருந்தாலோ எக்கோ தள்ளிப்போடக் கூடாதது.

இவரை அட்மிட் செய்து மானிட்டரில் வைக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வரும் மயக்கம் 24 மணி நேரம் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டரில் சிக்காமல் போவதே சகஜம். அது நார்மல் என்பதால் இதயம் விடுபட்டுவிடாது. அடுத்த கட்டம் இதய மின்னியல் பரிசோதனை, அல்லது தோலுக்கடியில் வைத்து நெடுநாள் துடிப்பைப் பதிவுசெய்யும் லூப் ரெக்கார்டர். மிச்சமிருக்கும் கிளையும் நின்றுபோவது உறுதியானால் பேஸ்மேக்கர். டாம்சுலோசினை மாற்றுவது பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.