டேட்டாஷீட்டில் 100 டெசிபெல், ஸ்பீக்கரில் உறுமல்

வாசலில் யார் வந்திருக்கிறார்கள் என்று மாடியிலிருந்தே கேட்க ஒரு சின்ன இன்டர்காம் செய்திருந்தேன். எலெக்ட்ரெட் மைக், அதற்குப் பின்னால் எல்எம்358 ஆப்-ஆம்ப், கடைசியில் எல்எம்386, ஸ்பீக்கர். மூன்று பேட்டரி செல் போட்டால் குரல் தெளிவாக இருந்தது. பழைய போன் சார்ஜரில் செருகியதுமே ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். அதற்கு அடியில் எங்கோ மனிதக் குரல். ஐசி சரியில்லை என்று முடிவு கட்டி மூன்று முறை மாற்றினேன். மூன்று ஐசியும் நல்ல ஐசிதான்.

சப்ளையில் வரும் ஏற்ற இறக்கத்தை ஆப்-ஆம்ப் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் பிஎஸ்ஆர்ஆர். எல்எம்358-க்கு டேட்டாஷீட் தரும் வழக்கமான மதிப்பு 100 டெசிபெல். அதாவது சப்ளையில் ஏற்படும் மாற்றம், இன்புட்டில் அதன் லட்சத்தில் ஒரு பங்கு சிக்னல் வந்ததுபோல் தெரியும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு “சப்ளை எப்படி இருந்தால் என்ன” என்று நினைப்பதுதான் முதல் தவறு. அந்த அளவீட்டில் ஐசியின் இன்புட் கால்கள் அசையாத, சுத்தமான மின்னழுத்தத்தில் கட்டப்பட்டிருக்கும். நம் சர்க்யூட்டில் அந்தக் கால்களையே சப்ளையோடு நாமே இணைத்துவிடுகிறோம். அது ஐசியின் குற்றமில்லை.

என் சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். சப்ளை 5 வோல்ட். ஆப்-ஆம்பின் பிளஸ் காலுக்குப் பாதி சப்ளை வேண்டும் என்பதால் இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரில் பிரித்து 2.5 வோல்ட் கொடுத்திருந்தேன். மைக்குக்கு 5 வோல்ட்டிலிருந்து நேராக 2.2 கிலோ ஓம். மைக்கின் சிக்னல் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 10 கிலோ ஓம் வழியாக மைனஸ் காலுக்குப் போகிறது. அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் ரெசிஸ்டர் 1 மெகா ஓம். மைக்கின் 2.2 கிலோவையும் 10 கிலோவோடு கூட்டினால் மைக் பக்கப் பெருக்கம் சுமார் 82 மடங்கு. பிளஸ் காலிலிருந்து பார்த்தால் 83.

சார்ஜரில் 100 ஹெர்ட்ஸில் 10 மில்லிவோல்ட் ரிப்பிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் டயோடு அதை இரட்டிப்பாக்குவதால் 100. அந்த 100 டெசிபெல் கணக்கில் ஐசிக்குள் புகுந்து வரும் பங்கு எவ்வளவு? 10 மில்லிவோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு 0.1 மைக்ரோவோல்ட். அதை 83-ஆல் பெருக்கினால் அவுட்புட்டில் 8 மைக்ரோவோல்ட். யார் காதுக்கும் கேட்காது.

இப்போது பிளஸ் காலைப் பாருங்கள். இரண்டு சம ரெசிஸ்டர்கள் 5 வோல்ட்டைப் பாதியாக்குவதுபோல ரிப்பிளையும் பாதியாக்கி 5 மில்லிவோல்ட்டை அங்கே கொண்டுபோய் வைக்கின்றன. அது 83 மடங்காகி அவுட்புட்டில் 415 மில்லிவோல்ட். ஐசி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. பிளஸ் காலில் வந்ததைப் பெருக்கச் சொன்னோம், பெருக்குகிறது.

இந்தத் தவறு பலருக்கும் தெரியும். பிரிக்கும் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் போடு என்பார்கள். நானும் போட்டேன். உறுமல் குறையவில்லை, கூடியது! கெபாசிட்டரைத் திருப்பிப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கழற்றினால் குறைகிறது, மாட்டினால் ஏறுகிறது. காரணம் புரிய ஒரு மாலை முழுவதும் போனது.

எலெக்ட்ரெட் மைக்குக்குள் ஒரு சின்ன எஃப்இடி இருக்கிறது. அது ஏறக்குறைய ஒரு கரண்ட் சோர்ஸ்போல நடந்துகொள்ளும். மேலே இருக்கும் மின்னழுத்தம் அசைந்தாலும் தான் இழுக்கும் கரண்டை மாற்றாது. ஆகவே 2.2 கிலோ ஓமின் மேல்முனை 10 மில்லிவோல்ட் அசைந்தால் கீழ்முனையும் அதே அளவு அசையும். ரிப்பிள் பாதியாகக்கூடக் குறையாமல் அப்படியே மைக் சிக்னலோடு சேர்ந்து போகிறது. அது மைனஸ் கால் வழியாக வருவதால் தலைகீழாகப் பெருகும்: 820 மில்லிவோல்ட். ஆக இரண்டு பாதைகள், எதிரெதிர்த் திசையில்:

```
Vout = 83 × (Vs / 2) − 82 × Vs
```

சப்ளை ரிப்பிளான Vs 10 மில்லிவோல்ட் என்றால், 415-லிருந்து 820 போக சுமார் 405 மில்லிவோல்ட் அவுட்புட்டில் இருந்தது. நான் கெபாசிட்டர் போட்டு முதல் பாதையை அடைத்ததும், எதிர்த்து நின்ற 415 போய்விட்டது. 820 முழுதாக வெளியே வந்தது. ஒரு தவறை இன்னொரு தவறு பாதி மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு அடி தூரத்தில் நின்று பேசினால் மைக்கிலிருந்து வருவதே ஒரு மில்லிவோல்ட், கூடிப்போனால் இரண்டு மூன்று. 10 மில்லிவோல்ட் ரிப்பிளுக்கு முன்னால் அது எங்கே கேட்கும்?

இந்த இடத்தில்தான் சோதிக்கும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. மைக் கெபாசிட்டரைக் கழற்றிப் பார்த்தேன். உறுமல் அடியோடு நின்றது. “அப்போ மைக்தான் கோளாறு, பிளஸ் கால் சுத்தம்” என்று முடிவெடுத்தேன். அதுவும் தவறு. மைக் பக்கத்தைத் திறந்துவிட்டால் மைனஸ் காலுக்கு அவுட்புட் மட்டும்தான் துணை. பெருக்கம் 83-லிருந்து 1-க்கு விழுந்துவிடும். பிளஸ் காலில் 5 மில்லிவோல்ட் ரிப்பிள் இருந்தாலும் அவுட்புட்டில் அதே 5 தான் தெரியும். சரியான வழி, மைக்கையும் 5 வோல்ட்டிலிருந்து அதற்கு வரும் 2.2 கிலோ ஓமையும் கழற்றிவிட்டு, அந்தக் கெபாசிட்டரின் முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 2.2 கிலோ ஓம் வைப்பது. அப்போது பெருக்கம் மாறாது, மைக்கின் பாதை மட்டும் போகும். மிச்சம் இருக்கும் உறுமல் பிளஸ் காலுடையது.

சரி, அடைப்பது எப்படி? பிளஸ் காலுக்கு 10 மைக்ரோஃபாரட் போதும். இரண்டு 100 கிலோ ஓமும் கெபாசிட்டருக்கு 50 கிலோபோலத் தெரியும்; 100 ஹெர்ட்ஸில் ரிப்பிள் முந்நூறில் ஒரு பங்காகக் குறையும், அவுட்புட்டில் 1.3 மில்லிவோல்ட் மிஞ்சும். பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று 1000 மைக்ரோஃபாரட் போடாதீர்கள். 10-க்கே அரை வினாடி டைம் கான்ஸ்டன்ட். 1000 போட்டால் 50 வினாடி. சுவிட்ச் போட்டுவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டிவரும்.

மைக் பக்கம் கொஞ்சம் கடினம், ஏனென்றால் அங்கே பெரிய ரெசிஸ்டர் வைத்தால் மைக்குக்கு வோல்ட்டேஜ் போதாது. 2.2 கிலோவுக்கு முன்னால் 1 கிலோ ஓம் வைத்து, இரண்டும் சேருமிடத்திலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் போட்டால் ரிப்பிள் அறுபதில் ஒரு பங்காகும். அவுட்புட்டில் இன்னும் 13 மில்லிவோல்ட் இருக்கும், கேட்கும். அதே ரெசிஸ்டரை 470 ஓமாக இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு 100 மைக்ரோஃபாரட் வைத்தால் எண்ணூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அவுட்புட்டில் ஒரு மில்லிவோல்ட் அளவு. மைக் இழுப்பது அரை மில்லிஆம்பியருக்குள்தான். இழப்பு அரை வோல்ட்டைத் தாண்டாது. 820-லிருந்து 1. ஐசி அதே ஐசி.

இன்னொரு பழக்கம்: ஐசியின் சப்ளை கால் அருகே 0.1 மைக்ரோஃபாரட் வைத்துவிட்டு, இரைச்சலுக்கு வைத்தியம் பார்த்தாகிவிட்டது என்று நினைப்பது. அது அங்கே இருக்க வேண்டியதுதான். ஆனால் 100 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 16 கிலோ ஓம். சார்ஜரின் பக்கத்தில் இருப்பதோ ஒரு ஓமுக்கும் கீழே. ஒரு ஓமுக்கு எதிரே 16 கிலோவை வைத்தால் எதுவும் குறையாது. வடிகட்ட வேண்டும் என்றால் வழியில் ஒரு தடை வேண்டும். கெபாசிட்டர் தனியாக வடிகட்டி ஆகாது.

அப்புறம், அந்த 100 டெசிபெல் எல்லா அதிர்வெண்ணுக்கும் சொன்னதில்லை. டேட்டாஷீட் அட்டவணையில் இருக்கும் அந்த எண் டிசிக்கு உரியது. அதிர்வெண் ஏற ஏற ஆப்-ஆம்பின் உள் பெருக்கம் குறைகிறது. பிஎஸ்ஆர்ஆரும் அதோடு சேர்ந்து, பத்து மடங்குக்கு 20 டெசிபெல் என்ற கணக்கில் விழும். 10 ஹெர்ட்ஸில் விழத் தொடங்கினால் 100 ஹெர்ட்ஸில் 80, சார்ஜர் சுவிட்ச் ஆகும் 100 கிலோஹெர்ட்ஸில் வெறும் 20. 100 கிலோஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்காதே என்பீர்கள். லோடு குறைவாக இருக்கும்போது பல சார்ஜர்கள் தொடர்ந்து சுவிட்ச் ஆகாமல் விட்டுவிட்டுத் துடிக்கும். அந்தத் துடிப்பின் வேகம் சில நூறு ஹெர்ட்ஸிலோ சில ஆயிரத்திலோ வந்து நின்றால், ‘கீய்ங்’ என்று நன்றாகவே கேட்கும். இதற்கு ஐசியின் சப்ளை காலுக்கு முன்னால் ஒரு 100 ஓம், பின்னால் அந்த 0.1 மைக்ரோஃபாரட், கூட ஒரு 10 மைக்ரோஃபாரட். எல்எம்358 சுமார் ஒரு மில்லிஆம்பியர்தான் எடுக்கும் என்பதால் 100 ஓம் தாங்கும். ஸ்பீக்கரை ஓட்டும் எல்எம்386-க்கு முன்னால் அதே 100 ஓமை வைக்கக் கூடாது. அது இழுக்கும் கரண்டில் சப்ளையே ஆடிவிடும்.

எல்எம்386 பற்றி ஒரு வார்த்தை. அதன் டேட்டாஷீட்டில் 50 டெசிபெல் என்று இருப்பதைப் பார்த்து, எல்எம்358-இன் 100-ஐ விட மோசம் என்று ஒப்பிடக் கூடாது. அங்கே 50 அவுட்புட்டில் அளந்தது, இங்கே 100 இன்புட்டுக்குக் கணக்கிட்டது. எல்எம்386-இன் பெருக்கம் 26 டெசிபெல். இன்புட்டுக்கு மாற்றினால் அது 76 ஆகிறது. ஆனால் அந்த 50-க்கும் ஒரு நிபந்தனை உண்டு: 7-ஆம் காலில் 10 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். ஐசிக்குள்ளே சப்ளையிலிருந்து வரும் இரண்டு 15 கிலோ ஓம்களின் நடுப்புள்ளி அது. பல சர்க்யூட் படங்களில் அந்தக் காலை எதிலும் இணைக்காமல் விட்டிருப்பார்கள், என் படத்திலும் அப்படித்தான்.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஒலியைக் கூட்டினால் ‘டப் டப் டப்’ என்று மோட்டார் படகுபோல ஒரு சத்தம் வந்தது. எல்எம்386 ஒவ்வொரு முறை கரண்ட் இழுக்கும்போதும் நீளமான, மெல்லிய சார்ஜர் ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கி, அது மைக் பாதை வழியாகத் திரும்ப உள்ளே வந்துகொண்டிருந்தது. இந்த ஆட்டம் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான். என் இரண்டு 100 மைக்ரோஃபாரட்டும் 100 ஹெர்ட்ஸில் பலசாலிகள், 3 ஹெர்ட்ஸில் இருந்தும் இல்லாத மாதிரிதான். மைக்கின் சப்ளையை ஒயர் வந்து சேரும் முனையிலிருந்து தனியாக எடுத்து, எல்எம்386-இன் சப்ளை காலிலேயே ஒரு 470 மைக்ரோஃபாரட் வைத்தேன். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் ஒயரைத் தடிமனானதாக மாற்றியதும் நின்றது.