தொழில் கடன் பற்றிப் பேச மேலாளரிடம் நேரம் கேட்பது எப்படி? கடிதமும் கொண்டுபோக வேண்டிய காகிதங்களும்

திருப்பூரில் சின்னச் சின்னத் தையல் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. கடன் கேட்டு வங்கிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருவார்கள். எங்கே தவறியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான். நேரம் வாங்காமல் போயிருப்பார்கள், மேலாளர் ஏதோ மீட்டிங்கில் இருந்திருப்பார், கடைசியில் ஐந்து நிமிடம் கிடைக்கும்போது "எவ்வளவு வேணும்?" என்று அவர் கேட்க, "ஒரு அஞ்சு ஆறு லட்சம் கிடைச்சா நல்லா இருக்கும் சார்" என்று இவர்கள் சொல்லியிருப்பார்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் நேரம் கேட்டு எழுதும் கடிதத்திலேயே தொகையைப் பிரித்துக் காட்டிவிடுங்கள். மேலாளர் அதைப் படித்ததும் இது தன் கிளையிலேயே முடியுமா, மேல் அலுவலகத்துக்குப் போக வேண்டுமா, சந்திப்பில் கடன் அதிகாரியையும் உட்கார வைக்கலாமா என்று முடிவு செய்துகொள்வார். என் அக்காவின் கணக்கையே எடுத்துக்கொண்டு போகிறேன்.

முதலில் தொகை

அக்கா ஆறு மெஷின் வைத்து பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். மாத வரவு சுமார் 80,000 ரூபாய், அதாவது வருடத்துக்கு 9,60,000. இப்போது இரண்டு கம்பெனிகள் கூடுதல் ஆர்டர் தரத் தயாராக இருப்பதால் மெஷின் சேர்க்க வேண்டும். மெஷின் கடையில் வாங்கிய கொட்டேஷன்படி ஓவர்லாக் 4, ஃபிளாட்லாக் 3, பவர் டேபிள் 2, எல்லாம் வரியோடு சேர்த்து 4,20,000 ரூபாய். இதில் கால் பங்கு, 1,05,000 ரூபாய், அக்கா கையிலிருந்து போடுகிறார். மீதி 3,15,000 ரூபாய் டேர்ம் லோன்.

மெஷின் மட்டும் வந்தால் போதாது. டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும், ஆனால் கம்பெனிக்காரர்களிடமிருந்து பில் பணம் வர 45 நாள் ஆகிறது. அந்த இடைவெளிக்கு நடைமுறை மூலதனம் வேண்டும். சிறு தொழில்களுக்கு இதை வங்கிகள் எளிமையாகக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. எதிர்பார்க்கும் வருட விற்றுமுதலில் 25 சதவீதம் தேவை என்று எடுத்துக்கொண்டு, அதில் 20 சதவீதத்தை வங்கியும் 5 சதவீதத்தை நாமும் போடுவது. புது மெஷின்களோடு மாதம் 1,25,000, வருடத்துக்கு 15,00,000 என்று வைத்தால் தேவை 3,75,000. அதில் வங்கி 3,00,000, அக்கா 75,000.

ஆகக் கேட்கும் கடன் 6,15,000 ரூபாய். இப்படிப் பார்த்த பிறகுதான் இது முத்ராவில் தருண் வகையில் (5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை) வருகிறது என்று தெரியும். முத்ரா கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பதால், கடிதத்திலேயே முத்ரா என்று எழுதிவிடுவது நல்லது. இதோடு ஒன்று, 80,000 எப்படி 1,25,000 ஆகும் என்று மேலாளர் கட்டாயம் கேட்பார். கூடுதல் வேலை தருவதாகக் கம்பெனிகள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தால் அதுவே பதில்.

எந்தக் கிளை, எந்த நாள்

உங்கள் கணக்கு இருக்கும் கிளைக்கே முதலில் போங்கள். வரவு செலவு அவர்கள் கண்ணெதிரே இருக்கிறது. யூனிட் அந்தக் கிளைக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கடன் தருமுன் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

மாதக் கடைசி, மாதத்தின் முதல் வாரம் (பென்ஷன் கூட்டம்), திங்கட்கிழமை, மார்ச் மாதப் பின்பாதி, இவை வேண்டாம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. மாத நடுவில், செவ்வாய் முதல் வியாழன் வரை, மதியம் மூன்று மணிக்கு மேல் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது.

கடிதம்

ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். கிளையின் மின்னஞ்சல் முகவரி வங்கியின் இணையதளத்தில் கிளை விவரத்தோடு இருக்கும், அதற்கு அனுப்புங்கள். அதோடு நிற்காமல் இரண்டு அச்சுப்படி எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளர் வெளிமாநிலத்துக்காரராக இருந்தால் ஆங்கிலப்படி ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது உதவும். அக்கா கொடுத்த கடிதம் இது:

> பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)
>
> பொருள்: தையல் யூனிட் விரிவாக்கத்துக்கு 6,15,000 ரூபாய் முத்ரா கடன் – தங்களைச் சந்திக்க நேரம் வேண்டுதல்
>
> ஐயா, வணக்கம்.
>
> தங்கள் கிளையில் (எண்) நடப்புக் கணக்கு வைத்துள்ளேன். நான்கு ஆண்டுகளாகப் பின்னலாடை ஜாப் ஒர்க் யூனிட் நடத்தி வருகிறேன். இப்போது ஆறு மெஷின்கள் உள்ளன. கடந்த ஆண்டு விற்றுமுதல் சுமார் 9,60,000 ரூபாய்.
>
> ஒன்பது மெஷின்கள் வாங்க 3,15,000 ரூபாய் டேர்ம் லோனும், நடைமுறை மூலதனமாக 3,00,000 ரூபாயும் தேவைப்படுகிறது. என் பங்காக 1,80,000 ரூபாய் செலுத்தத் தயாராக உள்ளேன்.
>
> இது பற்றி நேரில் பேச அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் தங்களுக்கு வசதியான நேரத்தில் வருகிறேன். கடன் அதிகாரியும் உடனிருந்தால் உதவியாக இருக்கும்.
>
> கொண்டு வரும் ஆவணங்கள்:
> 1. ஆதார், பான், புகைப்படம் 2
> 2. உத்யம் சான்றிதழ்
> 3. யூனிட் வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது
> 4. கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கை
> 5. கடந்த இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு
> 6. மெஷின் கொட்டேஷன்
> 7. ஜாப் ஒர்க் பில்கள், கம்பெனிகளின் கடிதங்கள்
> 8. மூன்று ஆண்டு வரவு செலவு மதிப்பீடு
>
> இவை தவிர வேறு ஏதேனும் தேவையெனில் முன்கூட்டியே தெரிவித்தால் அதையும் கொண்டு வருகிறேன்.
>
> இப்படிக்கு, (பெயர், யூனிட் பெயர், கைபேசி எண்)

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அக்காவுக்கு அந்த வரியால்தான் முதல் நாளே கடன் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. "மேடம், ஏற்கெனவே இருக்கிற மெஷினோட பில்லையும் எடுத்துட்டு வாங்க" என்றார். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கிளைக்கு போன் செய்து, கடிதம் கொடுத்த தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

காகிதங்களில் சிக்கல் வரும் இடங்கள்

ஆதார், பான் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உத்யம் பதிவுக்கு `udyamregistration.gov.in` தளத்தில் கட்டணமே கிடையாது. காசு கேட்கும் தளங்கள் அதே மாதிரி முகப்போடு இருக்கின்றன, முகவரியைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போங்கள்.

பெரிய சிக்கல் வங்கி அறிக்கைதான். விற்றுமுதல் 9,60,000 என்று எழுதியிருப்போம், நடப்புக் கணக்கில் நாலு லட்சம்தான் வந்திருக்கும். மீதி எங்கே? அக்கா விஷயத்தில் ஒரு கம்பெனி அவருடைய சேமிப்புக் கணக்குக்கு ஜிபேயில் அனுப்பிக்கொண்டிருந்தது, இன்னொன்று ரொக்கமாகக் கொடுத்தது. அதனால் இரண்டு கணக்கின் அறிக்கையையும் எடுத்து, தொழில் வரவுகளை மட்டும் மஞ்சள் பேனாவால் குறித்து, மாதவாரியாகக் கூட்டி ஒரு தாளில் எழுதி மேலே வைத்தோம். ரொக்கத்துக்கு பில் நகல்களும் டெலிவரி சலான்களும். கம்பெனிகள் டிடிஎஸ் பிடித்திருந்தால் அந்த விவரம் வருமான வரித் தளத்தில் இருக்கும், அதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் வரிக் கணக்கில் குறைத்துக் காட்டிவிட்டு வங்கியில் அதிகம் காட்ட முடியாது. இரண்டும் ஒரே மேசையில்தான் விரிக்கப்படும். அப்படி இருந்தால் கேட்கும் தொகையைக் குறைத்துக்கொள்வதே சரி.

கொட்டேஷனில் மூன்றைப் பாருங்கள்: உங்கள் யூனிட் பெயர், கடையின் ஜிஎஸ்டி எண், தேதி. பழைய கொட்டேஷனை ஏற்க மாட்டார்கள், அதனால் சந்திப்பு நாள் உறுதியானதும் புதிதாக வாங்குங்கள். மெஷின் பணத்தை வங்கி நேராகக் கடைக்கே அனுப்பும் என்பதால், கடன் அனுமதி வருமுன் கடைக்கு முழுப் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி பதிவு இல்லையே என்று சிலர் பயப்படுகிறார்கள். ஜாப் ஒர்க் சேவையில் வருவதால் வருடத்துக்கு 20 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை, அதை அப்படியே சொல்லலாம்.

பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். உத்யமில் ஒரு பெயர், போர்டில் வேறு பெயர், வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் என்று இருந்தால் அதைச் சரிசெய்யவே இரண்டு வாரம் ஓடிவிடும்.

அப்புறம் சிபில். சந்திப்புக்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். அக்காவின் அறிக்கையில், கட்டி முடித்த ஸ்கூட்டி கடன் இன்னும் பாக்கி என்றே இருந்தது. கடன் கொடுத்த நிறுவனத்திடம் முடிவுச் சான்றிதழ் வாங்கி, சிபில் தளத்தில் திருத்தம் கேட்டு, அது சரியாக ஒரு மாதத்துக்குக் கிட்ட ஆனது. நல்லவேளையாக அந்தச் சான்றிதழைக் கோப்பிலும் வைத்திருந்தோம்.

சந்திப்பு அன்று

அசல் ஒரு கோப்பில், கையெழுத்திட்ட நகல் இன்னொரு கோப்பில், கடிதத்தில் எழுதிய அதே வரிசை எண்ணில் அடுக்கிக்கொள்ளுங்கள். அசலைக் காட்டினால் போதும், நகலை மட்டும் கொடுங்கள்.

மேலாளர் கூடுதலாக ஏதாவது கேட்டால் அங்கேயே எழுதிக்கொண்டு, "இது மட்டும்தானே சார், வேற ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்ததும் தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், அது தர வேண்டியது வங்கியின் கடமை. முடியாது என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் கையில் இருந்தால், அடுத்த கிளைக்குப் போகுமுன் எந்தக் காகிதத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரியும்.