கிராஸ்-செயின் பிரிட்ஜில் டோக்கன் பூட்டப்படுவதும் அச்சாவதும், திருடன் நுழையும் இடமும்

எத்தீரியம் என்ற பிளாக்செயினிலிருந்து சொலானா என்ற இன்னொரு பிளாக்செயினுக்கு, பிரிட்ஜ் வழியாக ஈத்தர் நாணயத்தை அனுப்புகிறோம் என்கிறோம். உண்மையில் எதுவும் நகர்வதில்லை. ஒரு செயினில் நடப்பது இன்னொன்றுக்குத் தானாகத் தெரியாது. வார்ம்ஹோல் பிரிட்ஜில் 1 ஈத்தர் போகும் வழியைப் பார்ப்போம்.

படி 1, பூட்டு. உங்கள் ஈத்தர் எத்தீரியத்தில் உள்ள பிரிட்ஜ் கான்ட்ராக்ட் என்ற நிரலுக்குப் போய் அங்கேயே தங்கிவிடும்.

படி 2, சாட்சி. கார்டியன்கள் எனப்படும் 19 பேர் இதைக் கவனிக்கிறார்கள். 13 பேர் கையெழுத்திட்டால் செய்தி செல்லுபடியாகும்.

படி 3, மின்ட். சொலானாவில் உள்ள புரோகிராம் கையெழுத்துகளைச் சரிபார்த்து 1 ரேப்டு ஈத்தரை, அதாவது பூட்டிய ஈத்தருக்கு ஈடான டோக்கனை, அச்சடிக்கும்.

படி 4, திரும்புதல். அந்த டோக்கனை அங்கே எரித்தால், கார்டியன்கள் அதற்கும் கையெழுத்திடுவார்கள். எத்தீரியத்தில் பூட்டு திறக்கும்.

எல்லாப் பயனர்களின் பணமும் ஒரே கான்ட்ராக்டில் குவிந்து கிடப்பதால் ஹேக்கர்களின் கண் அதன்மேல் விழுகிறது. ஆனால் பலவீனமான இடம் பெரும்பாலும் அந்தக் கான்ட்ராக்ட் அல்ல, படி 3தான். மறுபக்கம் பணம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. செய்தியை மட்டுமே நம்புகிறது.

2022 பிப்ரவரி 2 அன்று வார்ம்ஹோலில் நடந்தது இதுதான். சொலானாவில் கையெழுத்தைச் சரிபார்ப்பது தனியான ஓர் உள்ளமைந்த புரோகிராம். அந்தச் சோதனை நடந்ததா என்பதை, பரிவர்த்தனையின் கட்டளைகள் பதிவாகும் ஒரு சிஸ்டம் கணக்கைப் படித்து வார்ம்ஹோல் தெரிந்துகொள்ளும். படிக்கப் பயன்படுத்தியது முதல் ஃபங்ஷன். பயன்படுத்தியிருக்க வேண்டியது இரண்டாவது:

```
load_instruction_at
load_instruction_at_checked
```

முதலாவது, கொடுத்த கணக்கு அசல் சிஸ்டம் கணக்குதானா என்று கேட்பதில்லை. ஹேக்கர் "சோதனை முடிந்தது" என்று காட்டும் போலிக் கணக்கைத் தானே செய்து கொடுத்தார். ஒரு ஈத்தர்கூடப் பூட்டாமல் 1,20,000 ரேப்டு ஈத்தர் அச்சானது.

அடுத்ததுதான் கவனிக்க வேண்டியது. அதில் ஏறக்குறைய 93,750-ஐ முறைப்படி எரித்து, எத்தீரியத்தில் அசல் ஈத்தரை எடுத்துக்கொண்டார். எரித்தது நிஜம், கார்டியன்களின் கையெழுத்தும் நிஜம். எத்தீரிய கான்ட்ராக்ட் தன் விதிப்படியே பூட்டைத் திறந்தது. காலியான இடத்தை நிரப்ப, வார்ம்ஹோலுக்குப் பின்னால் இருந்த ஜம்ப் கிரிப்டோ நிறுவனம் 1,20,000 ஈத்தரைப் போட்டது.

நீங்களே சோதிக்க ஒரு வழி: எத்தீரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் பிரிட்ஜ் கான்ட்ராக்டின் டோக்கன் இருப்பைப் பாருங்கள். பிறகு அந்த டோக்கனுக்கு எதிராக மற்ற எல்லாச் செயின்களிலும் அச்சான தொகையைக் கூட்டுங்கள்; ஒரு செயினோடு நிறுத்தினால் கணக்கு தப்பும். கூட்டுத்தொகை இருப்பைவிடக் கணிசமாக அதிகமென்றால் பணம் போடாதீர்கள். வழியில் இருக்கும் பரிவர்த்தனைகளால் சிறு வித்தியாசம் வருவது சகஜம்.

திருட்டை இது தடுக்காது, நடந்ததைக் காட்டும், அவ்வளவே. ஆனால் அதைக்கூட யாரும் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். 2022 மார்ச் 23 அன்று ரோனின் என்ற இன்னொரு பிரிட்ஜில் கையெழுத்திடும் 9 சாவிகளில் 5 ஹேக்கர்கள் கைக்குப் போய், 1,73,600 ஈத்தர் வெளியேறியது. அது தெரியவந்தது மார்ச் 29 அன்று, ஒரு பயனர் 5,000 ஈத்தரை எடுக்க முடியவில்லை என்று புகார் சொன்ன பிறகு.