பிசிஓஎஸ் இருக்கா? ஸ்கூல் பேக்ல அரிசி போட்டு ஆரம்பிங்க

ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருக்கிற என் தங்கச்சிக்கு பிசிஓஎஸ், பீரியட்ஸ் அம்பது அறுபது நாளைக்கு ஒருக்கா தான் வரும். டெய்லி பஸ்ஸ விட்டு இறங்கி ஏத்தம் ஏறித்தானே வர்றேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்னு கேட்டா. அந்த நடை நல்ல கார்டியோ தான், ஆனா உடம்பு அந்த ஏத்தத்துக்கு எப்பவோ பழகிருச்சு, தசைக்குப் புதுசா பாரமே ஏறல.

பிசிஓஎஸ்ல நிறைய பேருக்கு இன்சுலின் சரியா வேலை செய்யாது, அத ஈடுகட்ட உடம்பு இன்னும் சுரக்கும், அந்தக் கூடுன இன்சுலின் சூலகத்துல ஆண் ஹார்மோன கூட்டிவிடும். தசை வேலை செய்யும்போது இன்சுலின எதிர்பார்க்காமலே ரத்தத்துல இருக்கிற சீனிய இழுத்துக்கும், அந்தப் பலன் ஒண்ணு ரெண்டு நாள் நிக்கும். வெயிட் தூக்குறது தான் பெஸ்ட், கார்டியோ வேணாம்னு நான் சொல்லல, 2023ல வந்த சர்வதேச வழிகாட்டியும் ரெண்டையும் தான் கேக்குது. நம்மகிட்ட விடுபட்டது வெயிட், அவ்வளவு தான்.

முதல்ல ஸ்கூல் பேக்ல ஒரு கிலோ அரிசி பாக்கெட் நாலு போடுங்க. பேக்க நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கதிரைல உக்காந்து எந்திரிக்கணும். அடுத்து முதுக வளைக்காம இடுப்ப பின்னாடி தள்ளிக் குனிஞ்சு பேக்க தூக்கி நிமிரணும். அப்புறம் அப்படியே குனிஞ்ச வாக்குல பேக்க வயித்துப் பக்கம் இழுக்கணும், கடைசியா சுவத்துல கைய ஊனி புஷ்அப். ஒவ்வொண்ணும் 8லருந்து 12 தடவை, மூணு செட், நடுவுல ஒண்ணரை நிமிஷம் ரெஸ்ட். செட் முடியும்போது இன்னும் ரெண்டு தடவை தான் முடியும்னு தோணணும், இருவது முடியும்னா பாரம் காணாது.

தங்கச்சி செவ்வாயும் வெள்ளியும் செஞ்சா. முதல் நாள் கதிரைல 8, 8, 7. மூணாவது வாரம் மூணு செட்டும் 12 வந்துச்சு, அடுத்த தடவையும் வந்துச்சு, உடனே அஞ்சாவது பாக்கெட் போட்டோம். மூணு மாசத்துல பேக்ல ஒம்பது கிலோ ஆச்சு. தராசுல ஒரு கிலோ தான் குறைஞ்சிச்சுன்னு அழுதா, டேப் வச்சுப் பாத்தா இடுப்பு ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு. அதனால மாசம் ஒருக்கா டேப் புடிங்க, தராச நம்பி விட்றாதீங்க.

மத்த நாள்ல நடை, அரை மணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். மழை விடலன்னா வாசப்படில ஏறி இறங்குங்க, பத்து பத்து நிமிஷமா பிரிச்சாலும் பரவால்ல.

ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா ரெண்டு நாள் வேலைய ஒரே நாள்ல செய்யாதீங்க, பேக்லருந்து ஒரு பாக்கெட்ட குறைச்சுட்டு விட்ட இடத்துலருந்து தொடங்குங்க.

பீரியட்ஸ் மூணு மாசத்துக்கு மேல வரலன்னா எக்சர்சைஸ் சரியாக்கும்னு காத்திருக்காம கர்ப்பமான்னு டெஸ்ட் பண்ணிட்டு டாக்டர்கிட்ட போங்க, கர்ப்பப்பையோட உள்சுவர் அவ்வளவு நாள் கழியாம தடிக்கிறது நல்லதில்ல.