இரட்டையர் கணக்கில் இரண்டால் பெருக்குவதற்கு முன்

அண்மையில் ஒரு மாணவி தன் இரட்டையர் கணக்கை என் மேசைமேல் வைத்தாள். ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கைச் சொல்லும் மரபுவழித்திறன் 0.80 என்று முகமெல்லாம் சிரிப்பு. அதற்கு மேல் வரியில், ஒருகரு இரட்டையருக்கிடையிலான ஒட்டுறவு 0.70 என்று அவளே எழுதியிருந்தாள். ஆய்வுக்கு வந்த முதல் ஆண்டில் நானும் இதே கணக்கை இப்படியே போட்டு ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். கடைசி வரிசையிலிருந்த ஒருவர் ஒரே கேள்வி கேட்டார், நான் உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணை மாற்றி எழுதுவது, ஒரே இணையை இரு முறை சேர்ப்பது போன்ற தவறுகள் தாமாகவே வெளிப்பட்டுவிடும். அவற்றை விட்டு, மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வித்தியாசத்தின் இரு மடங்கை h² என்று எழுதுவது

மரபுவழித்திறனை h² என்று குறிப்பார்கள். அதைக் கணக்கிடும் ஃபால்கனர் சூத்திரம் பாடநூல்களில் இப்படி இருக்கும்:

```
h² = 2(rMZ − rDZ)
```

ஒருகரு இரட்டையரின் ஒட்டுறவிலிருந்து இருகரு இரட்டையரின் ஒட்டுறவைக் கழித்து, இரண்டால் பெருக்க வேண்டும். 0.70, 0.30 என்றால் விடை 0.80. ஆனால் ஒருகரு இரட்டையர் மரபணு முழுவதையும் பகிர்கிறார்கள். வீட்டுச் சூழலையும் பகிர்கிறார்கள். அத்தனைக்குப் பிறகும் அவர்கள் 0.70 அளவுக்குத்தான் ஒத்திருக்கிறார்கள் என்றால், மரபணுவின் பங்கு மட்டும் 0.80 ஆவது எப்படி? கடைசி வரிசைக்காரர் கேட்டது இதுதான்.

கோளாறு சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. மரபணுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சேர்க்கும் கூட்டு விளைவை A என்போம். ஒரு மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு வடிவங்களில் வருகிறது, அவையே அல்லீல்கள். ஓரிடத்து இரு அல்லீல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கும் ஓங்கு விளைவு D. வீட்டின் பொதுச் சூழல் C. ஒருகரு இரட்டையர் இந்த மூன்றையும் முழுதாகப் பகிர்கிறார்கள். இருகரு இரட்டையர் பகிர்வதோ A-யில் பாதி, D-யில் கால், C முழுவதும்.

```
rMZ = A + D + C
rDZ = A/2 + D/4 + C
2(rMZ − rDZ) = A + 1.5D
```

குறுகிய பொருளில் மரபுவழித்திறன் A மட்டும். பரந்த பொருளில் A + D. சூத்திரம் தருவதோ A + 1.5D. D இருந்தால் அது இரண்டையும் தாண்டிய ஓர் எண். அதற்குப் பெயரே கிடையாது.

அந்த மாணவியின் எண்களில் C-ஐக் கணக்கிட்டால் −0.10 வருகிறது. பங்கு எதிர்மறையாக இருக்க முடியாது. பல மென்பொருள்கள் அதைப் பூச்சியத்தில் நிறுத்தி, சொல்லாமலே அடுத்த வரிக்குப் போய்விடும். C இல்லை என்று வைத்துக்கொண்டால் A 0.50, D 0.20. பரந்த பொருளில் 0.70, குறுகிய பொருளில் 0.50.

இதாவது கண்ணில் படும் தவறு. எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது 0.60, 0.30 என்று அழகாக வரும் எண்கள்தான். A 0.60, மற்றவை பூச்சியம் என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். A 0.30, D 0.20, C 0.10 என்று போட்டுப் பாருங்கள், அதே 0.60, அதே 0.30. D-யும் C-யும் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. தெரியாத எண்கள் மூன்று, சமன்பாடுகள் இரண்டு. இணைகளின் எண்ணிக்கையைப் பத்தாயிரமாக்கினாலும் இது தீராது.

தீர்க்க வேறு உறவு வேண்டும். பெற்றவர் பிள்ளைக்கு ஓர் இடத்தில் ஒரு அல்லீலைத்தான் தருகிறார். அந்த இணை உடைந்துவிடுவதால் D பிள்ளைக்குப் போவதில்லை. எனவே பிறந்தவுடன் தத்துப்போன பிள்ளைக்கும் பெற்ற தாய்க்கும் உள்ள ஒட்டுறவு A-யில் பாதி. முதல் விளக்கம் சரியென்றால் அது 0.30, இரண்டாவது சரியென்றால் 0.15.

ஒருகருவா என்று தாயிடம் கேட்டு மட்டும் எழுதுவது

ஒருகரு இருகருவாகவோ இருகரு ஒருகருவாகவோ தவறாகப் பதிவானால் இரு ஒட்டுறவுகளும் நெருங்கி, விடை குறைந்துவிடும். மரபணுச் சோதனை செய்யுங்கள்.

உயர்ந்த எண்ணை அசையாத எண் என்று படிப்பது

வளமான நாடுகளில் உயரத்தின் மரபுவழித்திறன் ஏறத்தாழ 0.80. தென் கொரியப் பெண்களின் சராசரி உயரமோ ஒரே நூற்றாண்டில் சுமார் 20 செ.மீ. கூடியது. அவர்களின் மரபணுக்கள் அதற்குள் அவ்வளவு மாறவில்லை. உணவும் நலமும் மாறின. ஒரு கூட்டத்தில், ஒரு காலத்தில், ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே இந்த எண் பிரிக்கிறது. அந்தக் கூட்டத்தின் சராசரி எங்கே நகரும், இரண்டு கூட்டங்களின் சராசரி ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விகளுக்குப் பரந்த பொருளிலும் விடை இல்லை, குறுகிய பொருளிலும் இல்லை.

ஒரு ஆளுக்குப் பொருத்துவது

ஒரு தனி ஆளின் உயரத்தில் இத்தனை பங்கு மரபணு என்று சொல்ல ஓர் எண் கிடையாது.

குறைந்த எண்ணைப் பார்த்து மரபணுவைக் கழித்துவிடுவது

கையில் ஐந்து விரல் அமைவது மரபணுக்களால்தான். ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஐந்தே இருப்பதால் அங்கே பிரிப்பதற்கு வேறுபாடே அதிகம் இல்லை. உள்ள வேறுபாட்டிலும் பெரும்பகுதி இயந்திரங்களிலும் விபத்துகளிலும் விரல் போனவர்களுடையது. கணக்குப் போட்டால் விரல் எண்ணிக்கையின் மரபுவழித்திறன் பூச்சியத்துக்கு அருகில் வந்து நிற்கும்.