‘சரி, பண்ணிடுங்க’ என்று சொல்லும் முன்

பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் 14 கார்களைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. அதனால் வாரத்துக்கு இரண்டு காரேஜ் பில்களாவது என் மேசைக்கு வந்துவிடும். இவை போதாதென்று, புதிதாகக் கார் வாங்கிய தமிழ் நண்பர்களும் தங்கள் பில்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். எஸ்டிமேட் ஒரு தொகை, பில் வேறொரு தொகை, நடுவில் தாங்கள் கேள்விப்படாத நாலைந்து வேலைகள் என்று எல்லோருடைய புலம்பலும் ஒரே மாதிரி இருக்கும். 2010-இல் என் முதல் பழைய காரைச் சர்வீசுக்கு விட்ட நாளில் நானும் இதே தவறுகளைச் செய்தவன்தான். காரை விடும்போது கீறல்களைப் புகைப்படம் எடுங்கள், பெட்ரோல் முள்ளைக் கவனியுங்கள் என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

## தொகை எழுதாத ஜாப் கார்டில் கையெழுத்திடுவது

நான் அன்று செய்தது இதுதான். சாவியை ஒப்படைத்ததற்கான கையெழுத்து என்று நினைத்துக்கொண்டு, எஸ்டிமேட் கட்டம் காலியாக இருந்த தாளில் போட்டுவிட்டேன். ஜாப் கார்டு என்பது நீங்கள் எந்த வேலைகளை ஒப்படைத்தீர்கள் என்பதற்கான ஒப்புதல். பின்னால் தகராறு வந்தால் இரு தரப்பும் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான். சில காரேஜ்களின் கார்டில் சிறிய எழுத்தில், கூடுதலாகத் தேவைப்படும் வேலைகளைக் கேட்காமலே செய்துகொள்ளலாம் என்றொரு வரி அச்சாகியிருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, முழுத் தாளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு எந்த சர்வீஸ் அட்வைசரும் மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை.

## ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று கேட்காமல் விடுவது

கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கும் லேபருக்கும் வரி 18 சதவீதம்.

## பிரித்த பிறகு வரும் போனுக்கு விலை கேட்காமல் சம்மதிப்பது

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்த ஒரு தவறுதான். மற்றவை அனைத்தும் சேர்ந்து தின்னும் பணத்தை விட இது ஒன்றே அதிகம் தின்கிறது.

சென்ற மாதம் அலுவலகத்து இளைஞர் ஒருவர் தன் ஹேட்ச்பேக்கை ஓசூர் சாலைப் பக்கம் ஒரு காரேஜில் விட்டிருந்தார். வண்டி 62,000 கிலோமீட்டர் ஓடியது. சில்க் போர்டு நெரிசலில் தினமும் பாதிக் கிளட்சிலேயே ஊர்ந்து போகும் வண்டி என்பதால், கிளட்ச் கனத்துப்போய், மேம்பாலம் ஏறும்போது வழுக்கத் தொடங்கியிருந்தது. கிளட்ச் செட் 6,400 ரூபாய், லேபர் 3,600, வரியுடன் 11,800 என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். அதுவரை எந்தக் குறையும் இல்லை.

மாலை மூன்றே முக்கால் மணிக்கு, அவர் மீட்டிங்கில் இருந்தபோது போன் வந்தது. “சார், கியர்பாக்ஸ் இறக்கியாச்சு. பின்னாடி ஆயில் சீல் லீக் இருக்கு. கூடவே சின்னச் சின்ன வேலை வருது. பண்ணிடலாமா?” இவர் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்: “சரி, பண்ணிடுங்க.” அடுத்த நாள் மாலை பில் 22,951 ரூபாய்.

கியர்பாக்ஸ் இறங்கிய கார் ஓடாத கார். அந்த நிலையில் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதை வேறு காரேஜுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அப்படியே மாட்டச் சொன்னாலும் இறக்கி ஏற்றிய கூலியைக் கொடுத்தாக வேண்டும். எனவே எஸ்டிமேட் போடும் நேரத்தில் உங்கள் கையில் இருந்த பேரம் பேசும் பலம், போன் வரும் நேரத்தில் காரேஜின் கைக்குப் போய்விடுகிறது. கேட்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதே இல்லை, சீல் உண்மையிலேயே கசிந்திருக்கலாம். ஆனால் ‘சின்னச் சின்ன வேலை’ என்பதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடங்கும்.

பில்லை வரிவரியாகப் பார்த்தோம். கியர் ஆயில் 900 ரூபாய். இந்த வகை வண்டியில் கியர்பாக்ஸை இறக்கும்போது டிரைவ் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், அப்போது ஆயில் வடிந்துவிடும்; ஆகவே இது நியாயமான செலவு. ஆனால் முதல் நாளே தெரிந்த செலவு என்பதால் எஸ்டிமேட்டிலேயே வந்திருக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் சீல்கள் 500, ஃபிளைவீலை லேத்தில் பிடித்துச் சமப்படுத்தியதற்கு 1,200, கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் 650. ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்புகள் இருந்ததற்கான படத்தை அட்வைசர் தன் போனில் காட்டினார். கசிந்த சீலை விட்டுவைத்தால் புதுக் கிளட்ச் பிளேட்டிலும் எண்ணெய் ஏறும். இவற்றில் எனக்குத் தகராறு இல்லை. துடைக்கும் துணி, கிளீனர் வகைக்குப் போட்ட 350 ரூபாயையும் விட்டுவிட்டேன்.

தகராறு மற்ற வரிகளில்தான். சீல் மாற்ற லேபர் 1,500 என்று தனியாகப் போட்டிருந்தார்கள். அந்தச் சீலை எட்டுவதற்கு வேண்டிய பெரிய வேலை கியர்பாக்ஸை இறக்குவதுதான். அதற்கான கூலி கிளட்ச் லேபரான 3,600-இல் ஏற்கெனவே வந்துவிட்டது, ஃபிளைவீலையும் லேத்துக்காகக் கழற்றியாகிவிட்டது. மிஞ்சியிருப்பது பழைய சீலை நெம்பி எடுத்துப் புதியதை அடித்து உட்கார வைப்பது மட்டும். வாடிக்கையாளர் கண்ணில் அகப்படாத ஏற்றம் இதுதான்: ஒரே பிரிப்புக்கு இரண்டு கூலி. வேலைகளின் பெயர் வேறாக இருப்பதால் பில்லில் இரண்டும் நியாயமாகவே தெரியும்.

அடுத்தது ரிலீஸ் பேரிங், 1,450 ரூபாய். கிளட்ச் செட் இரண்டு விதமாக வரும். பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் மட்டும் இருப்பது ஒன்று, ரிலீஸ் பேரிங்கும் சேர்ந்தது இன்னொன்று. இவருக்குப் போட்டது மூன்றும் இருக்கும் பெட்டி என்பது காலிப் பெட்டியின் மேலிருந்த லேபிளிலேயே எழுதியிருந்தது. செட்டுக்கு ஒரு விலையும், அதற்குள்ளேயே இருந்த பேரிங்குக்கு மறுபடி ஒரு விலையும் போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. ஸ்டோரில் ஒருவர், பில் போடும் இடத்தில் இன்னொருவர் என்று இருந்தால் இப்படி நடக்கும். ஆனால் காலிப் பெட்டி குப்பைக்குப் போயிருந்தால் நம்மால் நிரூபித்திருக்க முடியாது.

கடைசியாக, கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட், 2,300 ரூபாய், அதற்கு லேபர் 600. இதைப் பற்றிப் போனில் பேச்சே எழவில்லை. கியர்பாக்ஸை இறக்கவே அந்த மவுண்டின் போல்ட்டைக் கழற்றியாக வேண்டும் என்பதால், அந்த 600-ம் இரண்டாவது கூலிதான்.

ஜாப் கார்டு நகலையும் காலிப் பெட்டியையும் மேசையில் வைத்து, குரல் உயர்த்தாமல், ஒவ்வொரு வரியாகக் கேட்டோம். சீல் லேபர், பேரிங், மவுண்ட் லேபர் என்று 3,550 ரூபாய் கழிந்தது, வரியோடு 4,189. பில் 18,762-க்கு இறங்கியது. மவுண்டை மட்டும் விட்டுக்கொடுத்தோம், பழைய ரப்பர் உண்மையாகவே கிழிந்திருந்தது.

இதைத் தவிர்க்கும் வழி போன் வரும்போது இல்லை, காரை விடும்போதுதான் இருக்கிறது. பெரிய பாகம் ஒன்றை இறக்கும் வேலை என்றால், இறக்கிய பிறகு வழக்கமாக எவையெல்லாம் தேவைப்படும் என்று அப்போதே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் விலையும் கூடுதல் லேபர் உண்டா இல்லையா என்பதையும் ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். நூறு கிளட்ச் மாற்றியவருக்கு அந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்கும். பிரித்த பின் நீங்கள் மறுத்தால் மாட்டித் தர என்ன கூலி என்பதையும் கேட்டுவையுங்கள். பிறகு அங்கே நிற்கும்போதே அட்வைசரின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

“கிளட்ச் வேலைக்கு வரியுடன் ரூ. 11,800 சம்மதம். இதற்கு மேல் எந்த வேலையானாலும் படம், பாகத்தின் விலை, லேபர், மொத்தத் தொகை நான்கையும் இங்கே அனுப்புங்கள். நான் எழுத்தில் ‘சரி’ சொன்ன பிறகு செய்யுங்கள். போனில் சொன்னது சம்மதம் ஆகாது.”

அதன் பிறகும் போன்தான் வரும். வந்தால் கேட்க வேண்டியது ஒன்றே: புது மொத்தம் எவ்வளவு? கன்னடத்தில் “ஒட்டு எஷ்டு ஆகத்தே?” என்று கேட்டுவிட்டு, அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வைத்துவிடுங்கள். மீட்டிங்கில் இருந்தால் போனை எடுக்காதீர்கள். கியர்பாக்ஸ் ஒரு மணி நேரம் கீழே கிடந்தால் கெட்டுவிடாது.

## பழைய பாகங்களை டெலிவரியின்போது கேட்பது

அதற்குள் அவை பழைய இரும்புக்குப் போயிருக்கும். காரை விடும்போதே, பெட்டிகளோடு டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள்.

## இறுதி பில்லைக் கவுண்டரில்தான் முதன்முதலாகப் பார்ப்பது

டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டு முடித்த பிறகு தொகையைக் குறைக்க வேண்டுமானால் காரேஜ் கிரெடிட் நோட் போட வேண்டும், அதற்குள் மேனேஜர், கணக்காளர் என்று இரண்டு பேர் நுழைந்துவிடுவார்கள். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ப்ரீ-இன்வாய்ஸை அனுப்பச் சொல்லி, எஸ்டிமேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நிலையில் ஒரு வரியை நீக்குவது அட்வைசர் கையிலேயே இருக்கும் வேலை.

## பணம் தராமல் காரை எடுத்துப் போய்விடலாம் என்று நினைப்பது

உழைப்பும் திறமையும் செலுத்தி வேலை செய்தவர், அதற்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இடம் தருகிறது. நீங்கள் ஒப்படைத்த வேலைக்குத்தான் அந்த உரிமை, ஒப்படைக்காத மவுண்டுக்கு அது பொருந்தாது என்று வாதாடலாம். ஆனால் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கேட் பாஸ் கொடுப்பவரிடம் அந்த வாதம் எடுபடாது. நீங்கள் சம்மதித்த வரிகளுக்கு மட்டும் பணம் தருவதாக முதலில் எழுத்தில் சொல்லிப் பாருங்கள். மறுத்தால் முழுத்தொகையையும் கார்டிலோ யுபிஐயிலோ கட்டி, பில்லின் இரு பிரதிகளிலும் ‘இன்னின்ன வரிகளுக்கு நான் சம்மதிக்கவில்லை, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுக் காரை எடுங்கள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம்; இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியவை ஜாப் கார்டின் படம், அந்த வாட்ஸ்அப் செய்தி, ஆட்சேபம் எழுதிய பில். போனில் என்ன சொன்னோம் என்பதை இரு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.